ஐந்து பேரில் கடைசி ஆள் எப்போது வருவார்? சீரான பரம்பலின் உச்சப் பெறுமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நயினாதீவுக்குப் போவதற்காக ஐந்து நண்பர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் கூடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வந்துவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. கொக்குவில், மானிப்பாய், அரியாலை, சுன்னாகம், நல்லூர் என்று ஆளுக்கோர் இடத்திலிருந்து தனித்தனி மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். எட்டு மணியிலிருந்து நிமிடங்களை எண்ணினால், ஒவ்வொருவரும் வந்து சேரும் நேரம் 0 முதல் 60 வரை சீரான பரம்பல் உள்ள ஓர் எழுமாற்று மாறி. ஒருவருடைய நேரம் மற்றவருடையதைச் சாராது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் சேர்ந்த பிறகே படகேறுவார்கள். ஆகவே அவர்கள் எப்போது படகேறலாம் என்பதைத் தீர்மானிப்பது கடைசி ஆள். ஐந்து பேரும் வரும் நேரங்களை X₁, X₂, … , X₅ என்றும், அவற்றின் உச்சமான கடைசி ஆளின் நேரத்தை M என்றும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஒரே உதாரணத்தை வைத்தே கூடியவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

உச்சத்தின் பரம்பல் வேண்டுமென்றால் அடர்த்திச் சார்பை நேரே எழுதினால் என்ன? ஏன் திரள் பரம்பல் சார்பிலிருந்து சுற்றி வரவேண்டும்?

பார்க்கச் சுற்றுவழி போல இருந்தாலும் இதுதான் குறுக்குவழி. திரள் பரம்பல் சார்பு F(t) என்பது "M ஆனது t ஐ விடக் கூடாமல் இருப்பதற்கான நிகழ்தகவு". இப்போது t = 45 என்று எடுத்துப் பாருங்கள். "கடைசி ஆள் 8.45க்குள் வந்துவிட்டார்" என்று சொன்னால், அதற்கு முன் வந்த நால்வரும் 8.45க்குள் வந்திருக்கத்தான் வேண்டும். மறுபக்கமாக, ஐந்து பேரும் 8.45க்குள் வந்திருந்தால் அவர்களில் கடைசி ஆளும் 8.45க்குள் வந்திருப்பார். ஆகவே இரண்டும் ஒரே நிகழ்ச்சி:

M ≤ t என்பதும், X₁ ≤ t, X₂ ≤ t, … , X₅ ≤ t எல்லாம் ஒன்றாக நடப்பதும் ஒன்றே.

உச்சம் என்ற சிக்கலான பொருள் இங்கே மறைந்துவிட்டது. மீதியாக இருப்பது "இதுவும், இதுவும், இதுவும்" என்று கோத்த ஐந்து எளிய நிகழ்ச்சிகள். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் சேர்ந்து நடப்பதற்கான நிகழ்தகவைப் பெருக்கியே எடுத்துவிடலாம். அடர்த்தியிலிருந்து தொடங்கினால் இந்த வசதி கிடையாது. "கடைசி ஆள் சரியாக 45ஐ ஒட்டி வந்தார்" என்றால் அந்தக் கடைசி ஆள் யார், மற்றவர்கள் எங்கே என்ற கேள்விகள் உடனே வந்து நிற்கும்.

சரி, படிகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்ட முடியுமா?

முதலில் ஒருவரை மட்டும் எடுப்போம். அவர் t நிமிடத்துக்குள் வருவதற்கான நிகழ்தகவு t/60. இது t ஆனது 0க்கும் 60க்கும் இடையில் இருக்கும்போது மட்டும். அடுத்து, ஐந்து பேரும் t நிமிடத்துக்குள் வருவதற்கு:

F(t) = (t/60) × (t/60) × (t/60) × (t/60) × (t/60) = (t/60)⁵

t < 0 என்றால் F(t) = 0. t > 60 என்றால் F(t) = 1. இந்த இரண்டு வரிகளையும் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க t = 75 ஐப் பிரதியிடுங்கள்: (75/60)⁵ ஏறக்குறைய 3.05. ஒன்றை விடப் பெரிய நிகழ்தகவு இருக்க முடியாது.

பொதுவாக n பேர், கால எல்லை θ என்றால் F(t) = (t/θ)ⁿ. நம் உதாரணத்தில் 8.45க்குள் எல்லாரும் சேர்வதற்கான நிகழ்தகவு 0.75⁵, அதாவது 0.237. ஒவ்வொருவரும் தனித்தனியே 75 சதவீதம் நம்பத்தகுந்தவர்கள்தான். ஆனால் கூட்டமாகப் பார்த்தால் நான்கில் ஒரு தடவைகூட ஒழுங்காக அமையாது.

நான் 1 − (1 − t/60)⁵ என்று எழுதினேன், பிழை என்கிறார்கள். எங்கே பிழை?

அது இழிவின் பரம்பல், அதாவது முதல் ஆள் வரும் நேரத்துக்குரியது. (1 − t/60)⁵ என்பது "ஐந்து பேரில் ஒருவரும் இன்னும் வரவில்லை" என்பதற்கான நிகழ்தகவு. அதை 1 இலிருந்து கழித்தால் "குறைந்தது ஒருவராவது வந்துவிட்டார்" என்பது கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது "எல்லாரும் வந்துவிட்டார்கள்" என்பது.

எது எதற்குரியது என்று குழப்பம் வந்தால் ஆட்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டம் பெருகப் பெருக எல்லாரும் 8.45க்குள் சேர்வது கடினமாகத்தான் வேண்டும். ஆகவே உச்சத்தின் F(t) ஆனது n கூடும்போது குறைய வேண்டும். 0.75ⁿ குறைகிறது; 1 − 0.25ⁿ கூடுகிறது.

அடர்த்திகளைப் பெருக்கினால் ஏன் சரிவருவதில்லை? நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்றால் இவற்றையும் பெருக்கலாம்தானே?

ஐந்து அடர்த்திகளைப் பெருக்கினால் (1/60)⁵ வரும். அது ஐந்து பேருடைய நேரங்களும் சேர்ந்த கூட்டு அடர்த்தி. "முதலாமவர் இந்த நேரத்தில், இரண்டாமவர் அந்த நேரத்தில்" என்று ஐந்து நேரங்களையும் தனித்தனியே குறித்துக் கேட்பதற்குரியது. ஐந்திலும் ஒரே t ஐப் போட்டால், எல்லாரும் ஒரே கணத்தில் வந்து இறங்குவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். கடைசி ஆள் t இல் வருவதற்கு மற்ற நால்வரும் t இல் வரத் தேவையில்லை, அதற்கு முன் எப்போது வந்தாலும் போதும். விடையைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. (1/60)⁵ ஐ 0 முதல் 60 வரை தொகையிட்டால் 1 வராது, ஆகவே அது ஒற்றை மாறி M இன் அடர்த்தியாக இருக்க முடியாது.

அப்படியென்றால் சரியான அடர்த்திச் சார்பு எது? அந்த n எங்கிருந்து முன்னால் வந்து நிற்கிறது?

F(t) ஐ வகையிட்டால் போதும்:

f(t) = 5t⁴/60⁵, 0 < t < 60

பொதுவாக f(t) = n tⁿ⁻¹/θⁿ. வகையிடும்போது அடுக்கு முன்னால் இறங்கி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த 5க்கு ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டால் சூத்திரம் மறக்காது. இதே விடையை இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள்:

f(t) = 5 × (1/60) × (t/60)⁴

கடைசியாக வருபவர் யார் என்பதற்கு 5 தெரிவுகள். அவர் t ஐ ஒட்டி வருவதற்கான அடர்த்தி 1/60. மற்ற நால்வரும் அதற்கு முன்பே வந்திருப்பதற்கான நிகழ்தகவு (t/60)⁴. "கடைசி ஆள் யார், மற்றவர்கள் எங்கே" என்று முதலாவது பதிலில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விடை கிடைத்துவிட்டது. வகையிடல் அந்தக் கணக்கை நமக்காகச் செய்து தந்திருக்கிறது. சோதித்துப் பார்க்க, இதை 0 முதல் 60 வரை தொகையிடுங்கள், 1 வரும்.

இருவர் மட்டும் என்றால் இதைப் படத்தில் பார்க்க முடியுமா?

முடியும். 60க்கு 60 ஒரு சதுரம் வரையுங்கள். கிடை அச்சில் ஒருவருடைய நேரம், நிலைக்குத்து அச்சில் மற்றவருடைய நேரம். இருவரும் t க்குள் வருவது என்பது இடது கீழ் மூலையில் பக்கம் t கொண்ட சிறு சதுரம். பரப்பளவு விகிதம் t²/60². t ஐக் கொஞ்சம் கூட்டினால் அந்தச் சிறு சதுரத்தின் மேற்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒவ்வொரு மெல்லிய பட்டை சேரும். அடர்த்தியில் உள்ள 2 அந்த இரண்டு பட்டைகள்தான்.

சராசரியாகக் கடைசி ஆள் எத்தனை மணிக்கு வருவார்?

அடர்த்தியை t ஆல் பெருக்கித் தொகையிட்டால் E(M) = nθ/(n+1). ஐந்து பேருக்கு 5 × 60/6 = 50 நிமிடம், அதாவது 8.50.

வேறு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. M எதிர்க்குறிப் பெறுமானம் எடுக்காத மாறி என்பதால் 1 − F(t) ஐ 0 முதல் 60 வரை தொகையிட்டாலே எதிர்பார்ப்புப் பெறுமானம் வந்துவிடும்: 60 − 60/6 = 50. அடர்த்தியைத் தொடவே தேவையில்லை.

மாறற்றிறன் nθ²/((n+1)²(n+2)). நம் எண்களில் நியம விலகல் ஏறக்குறைய 8.5 நிமிடம்.

சராசரி 8.50 என்றால் 8.50க்குள் எல்லாரும் சேர்வதற்கு அரைக்கு அரை வாய்ப்பு இருக்க வேண்டுமே?

இல்லை. F(50) = (5/6)⁵ = 0.402. நாற்பது சதவீதம்தான்.

M இன் அடர்த்தி t⁴ போல ஏறிக்கொண்டே போய் 60இல் உச்சத்தைத் தொடுகிறது. பெறுமானங்களில் பெரும்பகுதி வலப்பக்கம் நெருங்கிக் கிடக்க, இடப்பக்கம் ஒரு நீண்ட வால். எல்லாரும் நேரத்தோடு வந்துவிட்ட அபூர்வமான நாட்கள் அந்த வாலில் இருந்துகொண்டு சராசரியைக் கீழே இழுக்கின்றன. சரிபாதி வாய்ப்புள்ள நேரம் வேண்டுமானால் இடையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். (t/60)⁵ = 1/2 என்று எழுதித் தீர்த்தால் t = 60 × 2^(−1/5), ஏறக்குறைய 52.2 நிமிடம்.

படகுக்காரரிடம் நேரம் சொல்லப் போகிறவருக்குச் சராசரியும் உதவாது, இடையமும் உதவாது. பத்தில் ஒன்பது தடவை சொன்ன நேரம் பொய்க்கக் கூடாது என்றால் (t/60)⁵ = 0.9 ஐத் தீர்க்க வேண்டும். விடை 58.7 நிமிடத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் ஒன்பது மணி என்றே சொல்லிவிடலாம்.

"சாராதவை" என்று ஒரு சொல்லில் போய்விடுகிறோம். அது உண்மையில்லை என்றால் எவ்வளவு கெடும்?

நிறையக் கெடும். F(t) ஐப் பெருக்கமாக எழுதிய அந்த ஒரே படியில் முழுப்பாரமும் சாராமையின் மேல்தான் இருக்கிறது.

கொக்குவில்காரரும் மானிப்பாய்காரரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தால் அவர்கள் இருவரும் இந்தக் கணக்கில் ஒருவர்தான். ஐந்து பெயர்கள் இருந்தாலும் சாராத நேரங்கள் நான்குதான், ஆகவே F(45) = 0.75⁴ = 0.316. ஐந்து பேரும் ஒரே வானில் வந்தால் 0.75.

அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குத் தரைவழியாகப் போகிறவர்கள் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குப் போய், அங்கிருந்து கடலுக்குக் குறுக்கே போகும் இன்னொரு வீதியால் புங்குடுதீவுக்குள் நுழைய வேண்டும். தனித்தனி வாகனத்தில் வந்தாலும் பாதை ஒன்றுதான். அந்த வீதியில் தடை வந்தால் இன்னும் கடக்காத எல்லாரும் சேர்ந்தே தாமதிப்பார்கள். ஒருவர் பிந்தியது மற்றவர்களும் பிந்தியிருக்கக்கூடும் என்று சொல்லும்போது சாராமை போய்விட்டது.

ஒருவருடைய நேரம் மற்றவருடையதை எப்படிச் சார்ந்திருக்கிறது என்று ஒன்றுமே தெரியாவிட்டாலும் இரண்டு எல்லைகள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொருவருக்கும் 0.75 என்றால், எல்லாரும் 45க்குள் வருவதற்கான நிகழ்தகவு 0.75ஐத் தாண்டாது, 1 − 5 × 0.25 எதிர்க்குறி என்பதால் கீழ் எல்லை 0. சாராமை என்ற எடுகோள் இந்தப் பெரிய இடைவெளிக்குள் 0.237 என்ற ஒரு புள்ளியைப் பிடித்துத் தருகிறது. அதனால்தான் அதைச் சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

எல்லாருக்கும் ஒரே கால எல்லை இல்லாவிட்டால் இந்த முறை செல்லாதா?

செல்லும். அடுக்கு மட்டும்தான் போகும், பெருக்கம் நிற்கும். சுன்னாகத்துக்காரர் 8.20க்கு முன் வரவே மாட்டார், 20க்கும் 60க்கும் இடையில் சீராக வருவார் என்று வைத்தால், அவருடைய பங்கு (t − 20)/40. ஆகவே 20 < t < 60 இல் F(t) = (t/60)⁴ × (t − 20)/40. t ஆனது 20ஐ விடக் குறைவென்றால் F(t) = 0, ஏனென்றால் அவர் இல்லாமல் கூட்டம் நிறையாது. F(45) இப்போது 0.316 × 0.625, அதாவது 0.198.

கணினியில் சரிபார்க்க ஏதாவது சிறு வழி?

R இல் மூன்று வரி போதும்:

```r
m <- replicate(100000, max(runif(5, 0, 60)))
mean(m)
mean(m <= 45)
```

முதல் விடை 50ஐ ஒட்டியும் இரண்டாவது 0.237ஐ ஒட்டியும் வரும். இரண்டாவதில் மூன்றாம் தசம தானம் ஒன்றிரண்டு ஆடலாம், அது எழுமாற்று மாதிரியின் இயல்பு. 0.23க்குக் கீழோ 0.245க்கு மேலோ வந்தால் எழுதியதில் பிழை தேடுங்கள். `max` இருக்க வேண்டிய இடத்தில் `min` போட்டால் இரண்டாவது விடை 0.999ஐ ஒட்டி நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

`60 * runif(100000)^(1/5)` என்று எழுதினாலும் அதே பரம்பல் கிடைக்கும். F(M) = (M/60)⁵ ஆனது 0க்கும் 1க்கும் இடையில் சீராகப் பரம்புவதால், சீரான எண்ணொன்றின் ஐந்தாம் மூலத்தை எடுத்து 60ஆல் பெருக்கினால் M வந்துவிடுகிறது.

கால எல்லை θ தெரியாது, அவதானங்கள் மட்டும் இருக்கின்றன என்றால் உச்சம் எதற்கு உதவும்?

இந்தப் பரம்பலின் உண்மையான பயன் அங்கேதான். ஒரு சிற்றூர்த் தரிப்பில் பஸ் θ நிமிடத்துக்கு ஒருதடவை ஒழுங்காக வருகிறது, θ எவ்வளவு என்று தெரியாது என்று வைப்போம். நேரம் பார்க்காமல் போய் நிற்பவருடைய காத்திருப்பு 0 முதல் θ வரை சீரானது. ஆறு தனித்தனி நாட்களில் ஒருவர் காத்திருந்த நிமிடங்கள் 4, 17, 9, 2, 11, 6.

பலர் முதலில் எடுப்பது சராசரியை. சீரான பரம்பலின் சராசரி θ/2 என்பதால் அவதானச் சராசரியை இரட்டித்தால் θ வரவேண்டும். கூட்டுத்தொகை 49, சராசரி 8.17, இரட்டித்தால் 16.3. ஆனால் ஒருநாள் அவர் 17 நிமிடம் நின்றிருக்கிறார்! 16.3 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வரும் இடத்தில் அது நடக்கவே முடியாது. கையில் இருக்கும் அவதானத்துக்கே முரணான விடையை இந்த முறை தரக்கூடும்.

உச்சத்தை எடுத்தால் இந்த முரண் எழாது. M எப்போதும் θ ஐ விடச் சிறிது என்பதால் அதை அப்படியே விடையாகச் சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். எவ்வளவு குறை என்பதும் தெரியும்: E(M) = 6θ/7. ஆகவே 7/6 ஆல் பெருக்குகிறோம்: 17 × 7/6 = 19.8 நிமிடம். இது கோடலற்ற மதிப்பான். இதன் மாறற்றிறன் θ²/(n(n+2)), இங்கே θ²/48. சராசரியை இரட்டிக்கும் முறைக்கு θ²/(3n), இங்கே θ²/18.

நம்பிக்கை ஆயிடையும் அதே F இலிருந்து நேரே வரும். M ≤ cθ ஆவதற்கான நிகழ்தகவு c⁶. அதை 0.05 என்று வைத்தால் c = 0.607. ஆகவே 95 சதவீத நம்பிக்கையோடு θ ஆனது 17க்கும் 17/0.607க்கும் இடையில், அதாவது 17க்கும் 28 நிமிடத்துக்கும் இடையில் என்று சொல்லலாம். ஆறு அவதானங்களுக்கு இது மோசமில்லை. கீழ் எல்லை 17 என்பதில் ஐயமே இல்லை, மேல் எல்லையில்தான் அந்த 5 சதவீதம் முழுதும் கிடக்கிறது.

அந்த "ஒழுங்காக வருகிறது" என்ற எடுகோள் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பஸ்கள் சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில சமயம் நீண்ட இடைவெளியோடும் வந்தால் காத்திருப்பு சீராக இருக்காது. குறுகிய காத்திருப்புகள் அடிக்கடி வரும், நீண்டவை அருமையாக வரும். அப்போது θ என்று ஒரு தெளிவான எல்லையே இல்லாததால் உச்சத்திலிருந்து செய்த கணக்கு ஒரேயொரு மோசமான நாளின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பார்க்க ஒரு வழி இருக்கிறது. பரம்பல் சீரானது என்றால், உச்சப் பெறுமானம் தெரிந்த பிறகு மீதி n − 1 அவதானங்களும் 0க்கும் அந்த உச்சத்துக்கும் இடையில் சீராகவும் சாராதவையாகவும் இருக்கும். ஆகவே மீதி ஐந்தையும் 17ஆல் வகுங்கள்: 0.24, 0.53, 0.12, 0.65, 0.35. இவற்றின் சராசரி 0.38. சீரானது என்றால் 0.5ஐச் சுற்றி 0.13 நியம விலகலோடு வரவேண்டும். ஒரு நியம விலகலுக்குள் இருப்பதால் எடுகோளைத் தள்ளுவதற்கு இது போதாது. ஐந்து எண்களை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது. முப்பது நாள் குறித்த பிறகும் சராசரி 0.38 இலேயே நின்றால் சீரான பரம்பலை விட்டுவிட்டு பஸ் வரும் நேரங்களையே நேரடியாகக் குறிக்கத் தொடங்க வேண்டும்.